ஜி9 தாரை கிரேடு ரேட்டுக்கு விக்கும்போது நாம பண்ற தப்புகள்

கம்பம் பள்ளத்தாக்குல ஜி9 வாழை போட்டவங்ககிட்ட ரெண்டு விதமான வியாபாரிங்க வருவாங்க. ஒருத்தர் தாரை அப்படியே தராசுல ஏத்தி கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டு சொல்லுவார். இன்னொருத்தர் சீப்பு சீப்பா வெட்டி கழுவி 13 கிலோ பெட்டியில அடுக்கி வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புறவர், அவர் பர்ஸ்ட், செகண்ட், கழிவுன்னு மூணு ரேட்டு சொல்லுவார். இந்த ரெண்டாவது ஆள்கிட்ட விக்கும்போதுதான் நம்மாளுங்க நிறைய ஏமாந்து போறாங்க, நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அதுல பாதி, வியாபாரி ஏமாத்துறதுனால இல்ல, நாம கணக்கு போடாம தலையாட்டுறதுனால வர்றது.

முதல் தப்பு, பர்ஸ்ட் ரேட்டை மட்டும் காதுல வாங்குறது. ஒருத்தர் தாரோட 15 ரூபாய்ங்கிறார், இன்னொருத்தர் பர்ஸ்ட் 20 ரூபாய்ங்கிறார்னா மனசு உடனே 20 பக்கம் சாயும். இப்ப 1000 கிலோ தாரை வச்சு கணக்கு போடுவோம் (ரேட்டெல்லாம் கணக்குக்காக நான் வச்சது, சந்தை ரேட்டு இல்ல). ஒரே ரேட்டுக்காரர் தண்டையும் சேர்த்து எடை போடுறார், அதனால நேரா 15000 ரூபாய். கிரேடு ரேட்டுக்காரர் சீப்பை மட்டும்தான் எடை போடுவார். தண்டு சுமாரா பத்துல ஒரு பங்கு போயிடும், மிச்சம் 900 கிலோ. அதுல 60 சதவீதம் பர்ஸ்ட்னா 540 கிலோ, 20 ரூபாய்க்கு 10800. 30 சதவீதம் செகண்ட்னா 270 கிலோ, 12 ரூபாய்க்கு 3240. மிச்ச 90 கிலோ கழிவு, 4 ரூபாய்க்கு 360. மொத்தம் 14400. தாரோட கணக்குல பார்த்தா கிலோவுக்கு 14 ரூபா 40 காசு, அதாவது 20 ரூபா சொன்னவர்கிட்ட 600 ரூபா கம்மியா வாங்கியிருக்கோம்! இதே தோட்டத்துல கழிவு அதே பத்து சதவீதமா இருந்து பர்ஸ்ட் 70 சதவீதம் வந்திருந்தா 15120 கெடச்சிருக்கும், அப்பதான் அந்த ரேட்டு லேசா மேல வருது.

அதனால பேசுறதுக்கு முன்னாடி நம்ம தோட்டத்துல பர்ஸ்ட் எத்தனை சதவீதம்னு நமக்கே தெரிஞ்சிருக்கணும். வாய்க்கா ஓரத்துல நிக்கிற கொழுத்த தாரை மட்டும் பார்த்துட்டு மதிப்பு போடாதீங்க. வரப்போரம், நடுவுல, தண்ணி கம்மியா பாயுற மூலைன்னு பல எடத்துல இருந்து பத்து தார் வெட்டி, சீப்பு பிரிச்சு, அந்த வியாபாரி சொல்ற அளவு வச்சு நீங்களே தரம் பிரிச்சு எடை போட்டு பாருங்க. அந்த பத்து தாரை உள்ளூர்ல வித்துக்கலாம், பெருசா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

அடுத்தது, அளவை எப்படி எடுக்குறாங்கன்னு கேக்காம விடுறது. "20 சென்டிமீட்டர் இருந்தா பர்ஸ்ட்"னு சொல்லுவாங்க, சரின்னு சொல்லிட்டு வந்துடுவோம். வாழைக்காய் வளைஞ்சு இருக்கும்ல, வெளிப்பக்க வளைவு மேல டேப்பு வச்சு அளந்தா ஒரு நீளம், நுனிக்கும் அடிக்கும் நேரா ஸ்கேல் வச்சா அதைவிட கம்மியா வரும். ஐரோப்பாவோட வாழைப்பழ விதியில வெளி வளைவு மேலதான் அளக்கணும்னு இருக்கு, அதுவும் சீப்போட வெளி வரிசையில நடுக்காயை எடுத்து. அங்க குறைஞ்சபட்சம் 14 சென்டிமீட்டர் நீளம், 27 மில்லிமீட்டர் தடிமன், ஆனா நம்மூருக்கு வர்றவங்க கேக்குறது இதைவிட ரொம்ப அதிகமா இருக்கும், அது அவங்க அனுப்புற எடத்தைப் பொறுத்தது. எது கேட்டாலும் சரி, வளைவுலயா நேராவா, எந்த சீப்புல எந்த காய், தடிமன் அளக்குற காலிப்பரை காயோட எந்த எடத்துல வைக்கிறாங்கங்கிறதை ஒரு தாரை முன்னாடி வச்சு ரெண்டு பேரும் அளந்து ஒத்துக்கணும். தாரோட மேல் சீப்புல இருக்குற காய் பெருசாவும் கடைசி சீப்புல சின்னதாவும்தான் இருக்கும், கடைசி சீப்பை அளந்து மொத்த தாரையும் செகண்ட்னு சொல்றவங்ககிட்ட இந்த பேச்சு இல்லாம போனா ஒண்ணும் பண்ண முடியாது.

அந்த கடைசி சீப்பு விஷயம் பூ விடும்போதே தீர்மானம் ஆகுறது. காய் சீப்பெல்லாம் விரிஞ்சதும் பூவை ஒடிச்சுட்டு, கீழ இருக்குற அரைகுறை சீப்பையும் அப்பவே எடுத்துட்டா மேல இருக்குற சீப்புக்கு சத்து போகும். எடை போகுதேன்னு விட்டு வைக்கிறோம், ஆனா அது அறுவடைக்கு வரும்போது 4 ரூபாய் கழிவுலதான் போய் விழும். தாரோட ஒரே ரேட்டுக்கு விக்கிறவருக்கு அந்த எடை காசு, அவரு விட்டு வைக்கிறதுல நியாயம் இருக்கு. கிரேடுக்கு விக்கிறவருக்கு அது வேஸ்ட்டுதான்.

இன்னொரு பெரிய தப்பு, இன்னும் ஒரு வாரம் நின்னா எடை கூடும்னு வெட்டாம நிறுத்துறது. தூரத்துக்கு அனுப்புறவருக்கு காய் முக்கால் விளைச்சல்ல வேணும், அதாவது காயோட விளிம்பு இன்னும் லேசா தெரியணும். முழுசா உருண்டு போச்சுன்னா நமக்கு பார்க்க அழகா, கனமா இருக்கும், ஆனா அவருக்கு அது வழியிலயே பழுத்துடும், ஒரு பெட்டியில ஒரு சீப்பு பழுத்தா பக்கத்து சீப்பையும் பழுக்க வச்சுடும், அதனால காலிப்பர்ல மேல் அளவும் வச்சிருப்பாங்க, அதை தாண்டினாலும் தள்ளிடுவாங்க. எந்த தார் எந்த வாரம் பூ விட்டதுன்னு கலர் நாடா கட்டி வச்சா இந்த குழப்பமே இல்ல. சிகடோகா இலைப்புள்ளி வந்து இலை காஞ்ச மரத்துல இன்னும் கவனம் வேணும், அந்த காய் அளவு சரியா இருந்தாலும் சீக்கிரம் பழுக்கும், அதை தனியா எடுத்து உள்ளூருக்கு விக்கிறது நல்லது.

கடைசியா, தரம் எங்க பிரிக்கிறாங்கங்கிறது. எனக்கு அடி விழுந்தது இதுலதான். தோட்டத்துல தார் கணக்கு மட்டும் எழுதிட்டு லாரி போச்சு, மூணு நாள் கழிச்சு போன்ல "அண்ணே, பாதிக்கு மேல செகண்ட், நசுங்கல் நிறைய"ன்னாங்க. வெட்டுன ஆளுங்க அவங்க ஆளுங்க, ஏத்துனதும் அவங்க. வாழைக்காய்ல அடிபட்டது அப்பவே தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் கருப்பா வரும், தோட்டத்துல பட்டதா லாரியில பட்டதான்னு அப்புறம் யாரால சொல்ல முடியும்? அதுல இருந்து நான் தோட்டத்துலயே, என் கண்ணு முன்னாடி பிரிச்சு எடை போட்டாதான் வெட்ட விடுவேன். பூச்சி தழும்பு, வெயில் பட்ட கறுப்பு, அளவு குறைச்சல் இதெல்லாம் என் கணக்கு. வெட்டும்போது வடியுற பால் கறை, இறக்கும்போது படுற அடி, லாரி நசுங்கல் அவங்க கணக்கு. கழிவுன்னு ஒதுக்குனதை அவங்க எடுத்துக்கிட்டா அதையும் எடை போட்டு ரேட்டு போடணும், இல்லைன்னா தோட்டத்துலயே விட்டுட்டு போகணும். சும்மா ஏத்திக்கிட்டு போற கழிவு சந்தையில நல்ல ரேட்டுக்கு விக்கிறதை பார்த்திருக்கேன். அன்னைக்கே துண்டு சீட்டுல பர்ஸ்ட் எத்தனை கிலோ, செகண்ட் எத்தனை கிலோ, கழிவு எத்தனை கிலோ, ரேட்டு, தேதின்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, அந்த சீட்டை போன்ல போட்டோ எடுத்துட்டுதான் லாரியை கிளப்ப விடுறது.