அடுத்த பாலிண்ட்ரோம் எப்போது வரும்?

ஓடோமீட்டரில் 27983. இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் அடுத்த எண்ணுக்கு எத்தனை கி.மீ.? முதல் மூன்று இலக்கங்களை அப்படியே வைத்து, முதலிரண்டை வலப்பக்கம் திருப்பிப் போடுங்கள்: 27972. இது தாண்டிப்போன எண். அப்படியானால் 279-ஐ 280 ஆக்கித் திருப்ப வேண்டும்: 28082. இன்னும் 99 கி.மீ. நடு இலக்கம் 9 என்பதால் பக்கத்து இலக்கமும் மாறுகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்.

கடிகாரத்தில் இந்த வழி அப்படியே செல்லாது. 24 மணிநேரக் கடிகாரத்தில் 05:50-க்குப் பின் 06:60 வராது, நிமிடம் 59-ஐத் தாண்டாதே! 07, 08, 09 மணிகளுக்கும் அதே கதி. அடுத்தது 10:01, அதாவது 4 மணி 11 நிமிடம் கழித்து. முன்னால் பூஜ்யம் காட்டாத கடிகாரமென்றால் விடையே வேறு: 5:55-க்குப் பின் 11 நிமிடத்தில் 6:06.