அனுப்பிய ஆதார் பிடிஎஃப் வெள்ளையாகத் திறக்கிறதா?

போன மாதம் சித்தி மகன் விடுதிச் சேர்க்கைக்கு ஆதாரை மின்னஞ்சலில் அனுப்பினான். "வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருது, திரும்ப அனுப்புங்க" என்று பதில் வந்தது. அதே கோப்பையே மூன்று முறை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான். ஏன் வெள்ளையாக வருகிறது என்று பார்க்காமல் எத்தனை முறை அனுப்பினாலும் அதேதான் வரும்.

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிறகு Properties. உங்களிடம் 600 கேபி, அவர்களிடம் 0 கேபி என்றால் வழியில் அறுந்திருக்கிறது. உங்கள் கோப்பு நன்றாகத் திறந்தால் அதையே மறுபடி அனுப்பினால் போதும்.

உங்களிடமே திறக்கவில்லையா? நோட்பேடில் திறந்து பாருங்கள். ஏதேதோ கிறுக்கலாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். முதல் வரியும் கடைசி வரியும் இப்படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்:

```
%PDF-1.4
...
%%EOF
```

எண் 1.5, 1.7 என்று மாறலாம். கடைசி வரி இல்லையென்றால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கலாம். தொடக்கத்தில் `<html` என்று இருந்தால் அது பிடிஎஃப்பே இல்லை. பெரும்பாலும் லாகின் காலாவதியாகி, பிழைப் பக்கம் அந்தப் பெயரில் இறங்கியிருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மூலத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

அவன் கோப்பில் இந்தக் கோளாறு எதுவும் இல்லை. பூட்டுதான் பிரச்சினை. இ-ஆதார் கடவுச்சொல்லோடுதான் வரும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த ஆண்டு. சுரேஷ் குமார், 1990 என்றால் SURE1990. சில மென்பொருள்களின் முன்னோட்டம் கடவுச்சொல் கேட்காமலே வெள்ளைப் பக்கத்தைக் காட்டிவிடும்.

பூட்டை எடுக்க, கோப்பைக் குரோமில் இழுத்துப் போட்டு கடவுச்சொல் கொடுங்கள். அப்புறம் Ctrl+P அழுத்தி, Destination என்ற இடத்தில் Save as PDF தேர்ந்து, வேறு பெயரில் சேமியுங்கள். புதுக் கோப்பு கடவுச்சொல் கேட்காது.

ஒரு விஷயம்: இப்படிச் செய்தால் டிஜிட்டல் கையொப்பம் போய்விடும், அதன் படம் மட்டுமே மிஞ்சும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடம் என்றால் மூலக் கோப்பையே அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். பூட்டில்லாத ஆதாரை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதால், ஏற்றுக்கொள்வார்கள் என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரே மேல்.

அனுப்புமுன் உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, வேறொரு போனில் இறக்கித் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். பழைய பெயரிலேயே போனால் அவர்கள் பழைய வெள்ளைக் கோப்பையே மறுபடி திறக்கக்கூடும். அவன் aadhaar_new.pdf என்று அனுப்பினான், அன்று மாலையே "கிடைத்தது" என்று பதில் வந்தது.