பம்ப் மேடையின் அதிர்வை அடக்கும் எடைக்கம்பி: கணக்கும் செய்முறையும்

இரும்பு ஃபிரேமின் மேல் நிற்கும் 4 போல் மோட்டார் 1440 ஆர்பிஎம்மில் ஓடுகிறது. அதாவது நொடிக்கு 24 சுற்று. ஃபிரேமின் இயல்பு அதிர்வெண்ணும் 24 ஹெர்ட்ஸாக அமைந்துவிட்டால், ரோட்டரில் சிறிய சமநிலைக் குறை இருந்தாலே மேடை மேலும் கீழும் ஆடும். இதுதான் ஒத்ததிர்வு. ஃபிரேமை வெட்டி மாற்ற வழியில்லாத இடத்தில் ஒரு ஃபிளாட் பாரும் இரண்டு எடைகளும் போதும். 1909-ல் ஹெர்மன் ஃபிராம் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. மின்கோபுரக் கம்பிகளில் டம்பெல் போலத் தொங்குபவையும் இதற்கு உறவுதான்.

1. ஒத்ததிர்வுதானா என்று பாருங்கள்

மோட்டாரை நிறுத்திவிட்டு, போனை மேடையில் இறுக்கமாகக் கட்டி, phyphox செயலியின் முடுக்க நிறமாலையை ஓடவிட்டு, மரச்சுத்தியலால் மேடையைத் தட்டுங்கள். உச்சம் 24-ஐ ஒட்டி வந்தால் ஒத்ததிர்வு. வெகுதூரம் தள்ளி இருந்தால் இந்தக் கம்பியைச் செய்யும் முன் ரோட்டரை பேலன்ஸ் செய்யுங்கள்.

2. ஆடும் நிறையை அளவிடுங்கள்

தராசில் வரும் எடையை இங்கே பயன்படுத்த முடியாது, ஏனென்றால் ஃபிரேமின் ஒரு பகுதிதான் உண்மையில் ஆடுகிறது. 10 கிலோ எடையை மேடையில் போல்ட் போட்டு இறுக்கி மறுபடி தட்டுங்கள். நம் மேடையில் உச்சம் 24-லிருந்து 22.22-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
m1 = 10 / ((24/22.22)^2 - 1) ≈ 60 kg
```

3. இரு நிறைக் கணக்கு

துணை நிறை, m1-இல் 5 சதவீதம்: 3 கிலோ. ஃபிளாட் பார்தான் அதற்கு ஸ்பிரிங். அதை மோட்டார் ஓடும் அதிர்வெண்ணுக்கே பொருத்த வேண்டும். ஃபிரேமின் அதிர்வெண் சற்று வேறாக இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டாம்.

```
w  = 2*pi*24 = 150.8 rad/s
k2 = 3 * w^2 ≈ 68200 N/m
```

சரியாகப் பொருந்தினால், மோட்டார் மேடையைத் தள்ளும் ஒவ்வொரு கணத்திலும் சின்ன நிறையின் ஸ்பிரிங் அதே விசையோடு எதிர்த்திசையில் இழுக்கிறது. மேடை ஏறத்தாழ அசையாது, ஆட்டம் முழுவதும் எடைக்குப் போய்விடும். சமநிலைக் குறையின் விசை 40 நியூட்டன் என்றால் எடை ஆடும் வீச்சு 40/68200, அதாவது 0.59 மிமீ.

இதற்கு விலையும் உண்டு. முன்பு ஒன்றாக இருந்த உச்சம் இப்போது இரண்டாகிறது:

```
(f/24)^2 = 1.025 ± 0.225   →   21.5 Hz, 26.8 Hz
```

சுமார் 1290, 1610 ஆர்பிஎம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது முதல் உச்சத்தைச் சட்டென்று தாண்டிவிடும். நிறுத்தும்போது வேகம் மெல்லக் குறைவதால் ஒரு நொடி உதறும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

4. கம்பி

நடுவில் பிடித்து இருபுறமும் எடை வைத்தால் மேடையில் முறுக்கு ஏறாது. அப்படிச் செய்தால் ஒரு கைக்கு வேண்டிய விறைப்பு 34100 நியூட்டன்/மீட்டர். L என்பது பிடியின் விளிம்பிலிருந்து எடையின் நடுவரை உள்ள நீளம், E எஃகின் மீள்மை எண், I கம்பியின் குறுக்குவெட்டு தரும் வளைவு எதிர்ப்பு. 50 × 8 மிமீ எம்.எஸ். ஃபிளாட்டுக்கு:

```
L^3 = 3*E*I / k = 1280 / 34100   →   L ≈ 0.335 m
```

ஒரு பக்கத்துக்கு 1.5 கிலோ வேண்டும். அதில் கால் கிலோவைக் கம்பியின் சொந்த நிறையே தருகிறது. மீதி 1.25 கிலோவுக்கு 80 × 50 × 20 மிமீ தகடுகள் இரண்டைக் கம்பிக்கு மேலும் கீழும் வைத்து, கம்பிக்கு வெளியே நான்கு எம்6 போல்ட்டால் இறுக்குங்கள். கம்பி 840 மிமீ, நடுப்பிடி 80 மிமீ. எடையை வெளியே தள்ளிப் பார்க்க இருபுறமும் 20 மிமீ மிஞ்சும்.

நடுப்பிடிக்கு 16 மிமீ தகடும் எம்12 போல்ட்டும் போடுங்கள். தொடுபரப்பில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். கம்பியை நடுப்பிடியில் வெல்டிங் செய்யாதீர்கள். வளைவு அதிகமாக வரும் இடம் அதுதான், விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

5. பொருத்துதல்

முதலில் நடுப்பிடியைக் கனமான வைஸில் பிடித்து, ஒவ்வொரு கையையும் தனியாகத் தட்டி 24 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். எடையை 1 மிமீ வெளியே நகர்த்தினால் ஏறக்குறைய 0.1 ஹெர்ட்ஸ் குறையும். இரண்டு கைகளும் வேறு வேறாக இருந்தால் ஒன்று மட்டும் வேலை செய்யும். பிறகு மேடையில் ஏற்றி மோட்டாரை ஓட்டுங்கள்.

மேடை நின்று கம்பி ஆடினால் சரி. கம்பி அசையாமல் மேடை ஆடினால் பொருத்தம் வெகுவாகத் தவறியிருக்கிறது. இரண்டும் முன்பைவிட மோசமாக ஆடினால், ஓடும் வேகம் புது உச்சங்களில் ஒன்றின் மேல் விழுந்திருக்கிறது. இரு எடைகளையும் 3 மிமீ வெளியே நகர்த்திப் பாருங்கள். இன்னும் கெட்டால் உள்ளே. சில வாரம் நன்றாக ஓடி, பிறகு ஆட்டம் திரும்பினால் முதலில் நடுப்பிடி நட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் கம்பியின் அதிர்வெண் கீழே இறங்கிவிடும்.

விஎஃப்டி வைத்து வேகத்தை மாற்றும் மோட்டாருக்கு இந்தக் கம்பி ஆகாது. எங்காவது ஓரிடத்தில் 21.5-இலோ 26.8-இலோ மாட்டிக்கொள்ளும். அங்கே துணை நிறைக்கு ரப்பர் போன்ற தணிப்பும் வேண்டும். அதிர்வெண்ணை 24/1.05, அதாவது 22.9 ஹெர்ட்ஸில் வைத்து, தணிப்பு விகிதத்தை 0.13 அளவில் கொடுத்தால், விசை 40 நியூட்டனைத் தாண்டாதவரை எந்த வேகத்திலும் மேடையின் ஆட்டம் 40 நியூட்டன் நிலைவிசை தரும் தாழ்வைப் போல சுமார் 6.4 மடங்கு, அதாவது 0.19 மிமீக்குள் நிற்கும். ஆனால் 24 ஹெர்ட்ஸில் கிடைத்த அந்த அசையா நிலை திரும்ப வராது.