"வாடகை இன்னும் வரல்ல தம்பி": இந்த மெசேஜில் என்ன தப்பு?

குலசேகரத்தில் எங்கள் அப்பா கட்டிய சின்னக் கட்டடத்தில் மூன்று கடைகள். இரண்டில் வாடகை தேதி தவறாமல் வந்துவிடும். மூன்றாவது பெயிண்ட் கடை. மாதம் 12,000 ரூபாய், அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று பேச்சு. அந்தக் கடையை நடத்தும் தம்பி நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் எந்த மாதமும் 5-ஆம் தேதி பணம் வந்தது கிடையாது. நானும் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்ட விதத்தில்தான் பாதித் தவறு இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

நான் அனுப்பிய ஒரு மெசேஜை அப்படியே தருகிறேன்: "தம்பி, வாடகை இன்னும் வரல்ல. ரொம்ப நாளாச்சு. எனக்கும் செலவு இருக்கு. கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க." பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். அதில் எவ்வளவு என்றில்லை, எந்த மாதத்துக்கு என்றில்லை, எப்போதைக்குள் என்றும் இல்லை. படிப்பவர் "சரி, பாப்போம்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? "எனக்கும் செலவு இருக்கு" என்ற வரி அதைவிட மோசம். என் செலவுக்காக அவர் வாடகை தரவில்லை, கடைக்காகத்தான் தருகிறார். என் கஷ்டத்தைச் சொன்னதும் அவர் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினார். மழையில் பெயிண்ட் போகாது, ரப்பர் வெட்டும் நின்றுவிடும், ஊரிலேயே பணம் புழங்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் பேச்சு வாடகையை விட்டு எங்கேயோ போய்விட்டது.

உண்மையான சிக்கல் தொடங்கியது அவர் பகுதி பகுதியாகப் பணம் அனுப்பியபோது. மே மாத வாடகை 12,000. ஜூன் 20 அன்று 7,000 வந்தது. "வந்தது தம்பி" என்று மட்டும் எழுதினேன். மீதி 5,000 என்று எழுதவில்லை, சொல்லாமலே தெரியும் என்று நினைத்தேன். ஜூலை 11 அன்று 10,000 வந்தது. என் நோட்டில் கணக்கு 24,000 கழித்தல் 17,000, ஆகப் பாக்கி 7,000. அவர் மனதில் கணக்கு வேறு. "ஜூனுக்குப் பத்து போட்டாச்சுல்லா அண்ணே, இனி ரெண்டுதானே?" என்றார். பொய் சொல்லவில்லை, மே மாதத்து ஐயாயிரம் அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. மறக்க விட்டது நான்.

எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் ஒருவர் பணம் கொடுத்தால், எதில் வரவு வைப்பது என்பதற்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே முறை இருக்கிறது. கொடுப்பவர் இன்ன மாதத்துக்கு என்று சொல்லியிருந்தால் அதன்படிதான். ஜிபே குறிப்பில் "ஜூன் வாடகை" என்று போட்டிருந்தால் அதை நாம் மே மாதத்தில் வைக்க முடியாது. அவர் எதுவும் சொல்லவில்லை, சூழ்நிலையிலிருந்தும் தெரியவில்லை என்றால் வாங்குபவர் முடிவு செய்யலாம். இரண்டு பேருமே பேசாமல் இருந்தால் பழைய பாக்கி முதலில் கழியும். ஆகவே பணம் வந்த அன்றே, எதில் வைத்தோம் என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. நான் அன்று இப்படி எழுதியிருக்க வேண்டும், பிறகு எழுதவும் செய்தேன்:

"ஜூலை 11-ல் அனுப்பின 10,000 கிடைச்சது தம்பி. 5,000 மே பாக்கிக்கு, 5,000 ஜூனுக்கு வரவு வச்சிருக்கேன். மே முடிஞ்சது. ஜூன் பாக்கி 7,000. கணக்கில் மாற்றம் இருந்தா சொல்லுங்க."

பார்க்க நினைவூட்டல் மாதிரியே இருக்காது, ரசீது மாதிரி இருக்கும். ஆனால் இதற்கு முன் நான் அனுப்பிய பத்து நினைவூட்டல்கள் செய்யாத வேலையை இது செய்தது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவர் அன்றைக்கே கேட்பார், மூன்று மாதம் கழித்துச் சண்டையாகக் கேட்க மாட்டார்.

அடுத்தது, கேட்கும் நாள். நான் பெரும்பாலும் செவ்வாய், புதன் என்று ஞாபகம் வரும்போது கேட்பேன். பெயிண்ட் கடைக்காரரிடம் புதன்கிழமை கேட்டு ஒரு பயனும் இல்லை. காண்ட்ராக்டர்கள் வாரம் முழுக்கக் கடனில் எடுத்துப் போவார்கள், சனிக்கிழமை சம்பளம் போடும்போதுதான் கடைக்குப் பாக்கியைத் தீர்ப்பார்கள். திங்கள்கிழமை அந்தப் பணம் ஏஜென்சிக்குப் போய்விடும். அவர் பணம் போட்ட தேதிகளைப் பாருங்கள், ஜூன் 20, ஜூலை 11 இரண்டுமே சனி. என் ஜிபேயில் ஆறு மாதமாகக் கிடந்த விஷயம் இது, நான்தான் பார்க்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்துக்கு அனுப்புகிறேன்: "தம்பி, ஜூன் பாக்கி 7,000. நாளை, ஜூலை 18 சனி இரவுக்குள் போட்டுருங்க. முழுசும் முடியாதுன்னா எவ்வளவு, என்னைக்குன்னு இதிலேயே எழுதுங்க." முடியாதபோதும் பதில் சொல்ல அவருக்கு ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பிக்க முடியாது.

கோபத்தில் செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை "லேட் ஆனதுக்கு 500 சேத்துப் போடுங்க" என்று எழுதினேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. அவர் வாடகையை விட்டுவிட்டு அந்த 500-ஐப் பற்றியே ஒரு வாரம் பேசினார். தாமதத்துக்கு வட்டி வேண்டுமென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது எழுத வேண்டும், மெசேஜில் கண்டுபிடிக்கக் கூடாது. இன்னொரு முறை "இந்த மாசத்தோட காலி பண்ணிருங்க" என்று எழுதிவிட்டு, மறுவாரம் பணம் வந்ததும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு என் எந்த மிரட்டலுக்கும் மதிப்பில்லை. ஃபியூஸைப் பிடுங்குவேன், ஷட்டருக்குப் பூட்டுப் போடுவேன் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கரண்ட், தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. அப்படி ஒரு மெசேஜ், நாளை நமக்கு எதிராக அவர் கையில் இருக்கும் சாட்சி.

வாட்ஸ்அப்புக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு மாத வாடகை முழுசாக நின்றுவிட்டால் வக்கீலைப் பார்த்து முறையான நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கியைத் தீர்க்கவில்லை என்றால்தான் அந்தக் காரணத்துக்காகக் கடையைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போக முடியும். அப்போது மாதவாரியாக வரவு எழுதிய மெசேஜ்கள் கணக்குக்கு உதவும். "கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க" உதவாது.

"அட்வான்ஸ்ல கழிச்சிருங்க அண்ணே" என்று ஒருமுறை கேட்டார். மாட்டேன் என்றேன். அட்வான்ஸ் கடை காலி செய்யும்போது பார்க்க வேண்டியது. நடுவில் கழித்தால் மறுபடி நிரப்பி வாங்குவது வாடகை வாங்குவதைவிடக் கஷ்டம்.

ஜூலை 18 இரவு ஒன்பதரைக்கு 7,000 வந்தது. கூடவே "ஜூன் தீர்ந்துல்லா அண்ணே?" என்று கேள்வி. "தீர்ந்தது தம்பி. அடுத்தது ஜூலை வாடகை 12,000, ஆகஸ்ட் 5 புதன். சனிதான் சரிப்படும்னா ஆகஸ்ட் 8-னு இப்பவே எழுதிருங்க" என்றேன். "8 போட்டுக்கிடுங்க" என்று வந்தது. இந்த முறை கட்டைவிரல் படம் இல்லை.