டெலிவரி ஆனதாகக் காட்டிய பார்சல் எங்கே போனது?

டிராக்கிங் பக்கம் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்றது; வாசலில் பார்சல் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டும் பயனில்லை. கூரியர் உதவி எண்ணில் ஒரு நாள் பொறுக்கச் சொன்னார்கள். பொருள் வண்டியில் இருக்கும்போதே சிலர் ஸ்கேன் செய்துவிடுவதுண்டு என்பதால் அது நியாயம்தான். ஆனால் மறுநாளும் வரவில்லை.

அப்புறம் டெலிவரி சான்றாக ஏற்றியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு எங்களுடையது போலவே இருந்தது, தரை ஓடு மட்டும் வேறு! ஸ்கேன் பதிவான ஜிபிஎஸ் இடத்தைச் சரிபார்க்கச் சொல்லி, படத்தோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். ஜிபிஎஸ் பதிவு அடுத்த தெருவில், அதே கதவு எண் உள்ள வீட்டைக் காட்டியது. பார்சல் அங்கே பத்திரமாக இருந்தது. பெரிய நிம்மதி.

உங்களுக்கும் இப்படி நடந்தால், விற்பனையாளருக்கும் உடனே எழுதிவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் பெரும்பாலும் அவர்தான், புகாருக்குக் கெடுவும் இருக்கும்.