மண்ணிறமும் உருண்டையும் போதாது: நாடாப்புழு முட்டையா, வட்டப்புழு முட்டையா?

திருகோணமலையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு, நிலாவெளியிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் மல மாதிரி வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த தம்பி நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "அண்ணா, நாடாப்புழு முட்டை" என்றார். உருண்டை, மண்ணிறம், தடித்த ஓடு என்று அவர் சொன்ன மூன்றும் சரி. ஆனால் வட்டப்புழு முட்டையும் அப்படித் தெரியக்கூடும். இந்த மூன்றை மட்டும் நம்புவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

கருக்கட்டிய வட்டப்புழு முட்டைக்கு வெளியே மேடு பள்ளமான ஒரு உறை உண்டு. அது சில முட்டைகளில் கழன்றுவிடும். அப்புறம் மிஞ்சுவது வழுவழுப்பான தடித்த ஓடுதான். அந்த முட்டை நிமிர்ந்து நின்றால், நீள்வட்டம் வட்டமாகவே தெரியும்.

அளந்தால் தெரிந்துவிடும் என்று நினைப்போம். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் கண்வில்லை அளவுகோலில், நாற்பது மடங்கு பொருள்வில்லையோடு ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர். (இதை ஒவ்வொரு நுணுக்குக்காட்டிக்கும் தனியாக அளவுதிருத்திக்கொள்ள வேண்டும்.) தம்பி காட்டிய முட்டை 17 பிரிவு, அதாவது 42.5 மைக்ரோமீற்றர். நாடாப்புழு முட்டை ஏறக்குறைய 31 முதல் 43 வரை இருக்கும் என்பதால் இது அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் வட்டப்புழு முட்டையின் அகலமும் 35 முதல் 50 வரை. அவர் அளந்தது அகலத்தை மட்டும்தான்.

கவர் ஸ்லிப்பின் ஓரத்தை ஊசி நுனியால் மெல்லத் தட்டச் சொன்னேன். முட்டை புரண்டது. இப்போது நீளம் 24 பிரிவு, 60 மைக்ரோமீற்றர். நாடாப்புழு முட்டை எப்படிப் புரண்டாலும் கிட்டத்தட்ட உருண்டையாகவே நிற்கும், இவ்வளவு நீளாது. இங்கே வெயில் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே ஸ்லைட் சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்த முட்டை புரளாது. ஆகவே உப்புநீர் ஈரம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது ஓடு. நுண்செப்பத் திருகை மெதுவாகத் திருப்பி முட்டையின் விளிம்பைத் தெளிவாக்குங்கள். நாடாப்புழு முட்டையின் கோடுகள் சைக்கிள் சில்லுக் கம்பிகளைப் போல ஓட்டின் தடிப்புக்குள்ளேயே உள்ளிருந்து வெளியே ஓடும். வட்டப்புழு முட்டையின் புடைப்புகளோ ஓட்டுக்கு வெளியே இருக்கும். மேற்பரப்பை மட்டும் பார்த்தால் இரண்டுமே புள்ளி புள்ளியாகத் தெரிந்து ஏமாற்றும்.

உள்ளே நாடாப்புழுக் கருவில் ஆறு கொக்கிகள் இருக்கும். ஒரே குவியத்தில் ஆறும் தெரியாது, திருகைத் திருப்பிக்கொண்டே எண்ண வேண்டும். எங்கள் முட்டையில் கொக்கி ஒன்றும் இல்லை. ஒரே கலத்திணிவும், இரு முனைகளிலும் பிறை போன்ற வெற்றிடமும் இருந்தன. வட்டப்புழுதான். மருந்தும் வேறு: வட்டப்புழுவுக்கு வழக்கமாக மெபென்டசோல், நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டெல்.

உண்மையில் நாடாப்புழு முட்டையாகவே இருந்தாலும் அறிக்கையில் "டீனியா இனம்" என்பதோடு நிறுத்துங்கள். மாட்டு நாடாப்புழுவா, பன்றி நாடாப்புழுவா என்பதை முட்டையின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மலத்தோடு வெளியேறும் புழுத்துண்டைக் கேட்டு வாங்கி, அதன் கருப்பைக் கிளைகளை எண்ண வேண்டும்.