Kp, Kc கணக்கில் எங்கே வழுக்குகிறது?

மார்த்தாண்டத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். சமநிலைப் பாடம் முடிந்து விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், தவறுகள் திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று இடங்களில்தான் விழுகின்றன. Kp = Kc(RT)^Δn என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மதிப்பெண் போவது சூத்திரம் தெரியாததால் அல்ல. அதற்குள் எந்த R, எந்த Δn போடுவது என்பதில் கொஞ்சம் போகிறது. அழுத்தத்தில் கேட்ட கணக்கை மோல் கணக்கு மாதிரி எழுதிவிடுவதில் நிறையப் போகிறது. ஒரே வினையை எடுத்துக்கொண்டு இவற்றைப் பார்த்துவிடலாம்.

N₂O₄(g) ⇌ 2NO₂(g)

நிறமில்லாத N₂O₄ பிரிந்து செம்பழுப்பு நிற NO₂ ஆகிறது. 298 கெல்வினில், அழுத்தத்தை அட்மாஸ்பியரில் எடுத்தால், இதன் Kp சுமார் 0.15. இதற்கு Kc என்ன என்று கேட்டால் Δn = 2 − 1 = 1, எனவே Kc = Kp/RT. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

அடுத்த வரியில்தான் R-க்கு 8.314 வந்து உட்காருகிறது. வெப்ப இயக்கவியல் பாடம் முழுக்க அந்த எண்ணையே எழுதிப் பழகிய கை, இங்கேயும் அதையே எழுதிவிடும். RT = 2478 என்று வரும், Kc 0.00006 என்று வரும். சரியான விடை இதைப்போல நூறு மடங்கு. அழுத்தம் அட்மாஸ்பியரிலும் செறிவு ஒரு லிட்டருக்கு இத்தனை மோல் என்றும் இருந்தால் R = 0.0821. அப்போது RT = 0.0821 × 298 = 24.47, Kc = 0.15/24.47 = 0.00613.

இதற்காக 8.314 தப்பான எண் என்று நினைத்துவிடக் கூடாது. அழுத்தம் கிலோபாஸ்கலில் இருந்தால் அதுதான் சரி. 0.15 அட்மாஸ்பியர் என்பது 15.2 கிலோபாஸ்கல், 15.2/2478 போட்டுப் பாருங்கள், அதே 0.00613 வரும். ஆக, R-ஐத் தேர்ந்தெடுப்பது நாம் இல்லை, Kp எந்த அலகில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வருகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஒருவர் கையில் இருக்கும் புத்தகம் பாரில் பேசும், பக்கத்தில் இருப்பவரின் பழைய நோட்டு அட்மாஸ்பியரில் பேசும். பார் என்றால் R = 0.0831. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்தான் என்பதால் விடை பெரிதாகக் கெடாது. ஆனால் 8.314 நுழைந்தால் நூறு மடங்கு கெடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அறை வெப்பநிலையில் அட்மாஸ்பியரில் போட்ட RT எப்போதும் 24, 25 பக்கம்தான் வர வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்தால் R தப்பு. இரண்டு என்று வந்தால் 25 டிகிரி செல்சியஸைக் கெல்வினாக மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள்.

சூத்திரத்தைத் தலைகீழாகப் போடுகிறவர்களும் உண்டு. Δn நேர்க்குறியில் இருந்து RT ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் Kp-தான் Kc-யைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 0.0821-ஐ வைத்து RT ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டுமானால் வெப்பநிலை 12 கெல்வினுக்கும் கீழே போக வேண்டும். நம் கணக்கு எதுவும் அங்கே போவதில்லை. எனவே 0.15-ஐவிட 0.00613 சிறியது என்று ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

Δn விஷயத்தில் நம் ஊர்க் கடற்கரையில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற வேலையே ஒரு நல்ல உதாரணம். கூடவே கொஞ்சம் ஆபத்தான உதாரணமும் கூட. சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்.

CaCO₃(s) ⇌ CaO(s) + CO₂(g)

திறந்த சூளையில் CO₂ வெளியே போய்விடுவதால் அங்கே சமநிலை நிலைக்காது. மூடிய கலனில் வைத்துச் சுட்டால் நிலைக்கும். அப்போது Kp என்பது CO₂-வின் அழுத்தம் மட்டுமே. இதற்கு Δn கேட்டால் எல்லோரும் 1 என்பார்கள். சரிதான். ஆனால் பாதிப் பேர் இப்படி எண்ணியிருப்பார்கள்: வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று, கழித்தால் ஒன்று. வாயுக்களை மட்டும் எண்ண வேண்டும்: வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் பூஜ்யம். இரண்டு வழியிலும் விடை ஒன்றாகவே வருவதால் தப்பான பழக்கம் பிடிபடாமல் தப்பித்துவிடுகிறது. பாடத்தில் முதலில் சொல்லித்தருகிற உதாரணமே இதுவாக இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். அடுத்து C(s) + CO₂(g) ⇌ 2CO(g) கொடுத்தால்தான் வெளியே வரும். கரியையும் சேர்த்து எண்ணியவர் Δn பூஜ்யம், Kp-யும் Kc-யும் சமம் என்று முடித்துவிடுவார். வாயுவை மட்டும் எண்ணினால் 2 − 1 = 1. திண்மம் Kp கோவையில் வருவதில்லை, அதனால் Δn-இலும் அதற்கு இடமில்லை.

சமன்பாட்டைப் பாதியாக எழுதிக் கொடுத்தாலும் Δn மாறும் என்பதை மறக்க வேண்டாம். ½N₂O₄ ⇌ NO₂ என்றால் Δn = ½, Kp = √0.15 = 0.387.

இனி நிறைய மதிப்பெண் போகிற இடத்துக்கு வருவோம். வினாவில் ஒரு சொல் மாறினால் கணக்கே மாறிவிடுகிற இடம் இது. முதல் கேள்வி: கன அளவு மாறாத ஒரு கலனில் N₂O₄ மட்டும் 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் எடுக்கப்படுகிறது, சமநிலையில் எவ்வளவு பிரிந்திருக்கும்? இரண்டாவது கேள்வி: சமநிலையில் மொத்த அழுத்தம் 1 அட்மாஸ்பியர், எவ்வளவு பிரிந்திருக்கும்? “சார், ரெண்டும் ஒண்ணுதானே, அதே ஒரு அட்மாஸ்பியர்தானே?” என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். இல்லை மக்களே, ஒன்று தொடக்கத்தில் இருந்த அழுத்தம், இன்னொன்று முடிவில் இருக்கிற அழுத்தம்.

முதல் கேள்வியில் கன அளவும் வெப்பநிலையும் மாறவில்லை. எனவே ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தமும் அதன் மோல் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடக்கம், மாற்றம், சமநிலை என்று நாம் போடுகிற அட்டவணையை மோலாக மாற்றாமல் நேரே அழுத்தத்திலேயே போடலாம். N₂O₄-இல் x குறைந்தால் NO₂-இல் 2x கூடும்.

(2x)²/(1 − x) = 0.15
4x² + 0.15x − 0.15 = 0
x = 0.176

N₂O₄ 0.824 அட்மாஸ்பியர், NO₂ 0.352 அட்மாஸ்பியர், மொத்தம் 1.176. தொடக்கத்தில் ஒன்றாக இருந்த அழுத்தம் கூடியிருக்கிறது. ஒரு மூலக்கூறு இரண்டாகப் பிரிகிற வினையில் அப்படித்தான் கூட வேண்டும். பிரிந்த அளவு 17.6 சதவீதம்.

இரண்டாவது கேள்வியில் மொத்தம் ஒன்றிலேயே நிற்க வேண்டும். இங்கே 1 − x, 2x என்று அழுத்தத்தை எழுதினால் கூட்டுத்தொகை 1 + x ஆகிவிடும். கேள்வி கொடுத்த நிபந்தனை அப்போதே உடைந்துவிடுகிறது. அதனால் முதலில் மோலில் எழுதிக்கொண்டு, மோல் பின்னத்தை மொத்த அழுத்தத்தால் பெருக்க வேண்டும். ஒரு மோலில் தொடங்கி α பங்கு பிரிந்தால் N₂O₄ 1 − α, NO₂ 2α, மொத்தம் 1 + α. பகுதி அழுத்தங்களைக் கோவையில் போட்டுச் சுருக்கினால்:

Kp = 4α²P/(1 − α²)

P = 1 என்று போட்டால் α² = 0.15/4.15, α = 0.190. பிரிந்தது 19 சதவீதம். முதல் கேள்வியைவிடக் கொஞ்சம் கூடுதல். காரணமும் தெளிவு: முதல் கலனில் சமநிலையின்போது மொத்த அழுத்தம் 1.176 வரை ஏறியிருந்தது, அழுத்தம் கூடினால் இந்த வினை இடது பக்கம் சாயும்.

முதல் கேள்விக்கு 2x எழுத மறந்து x²/(1 − x) = 0.15 என்று போடுகிறவர்களுக்கு x = 0.32 வருகிறது. 32 சதவீதம் பிரிந்தது என்று அடிக்கோடு போட்டு முடித்துவிடுவார்கள். இந்த எண்ணைச் சும்மா தப்பு என்று அடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் அந்தச் சமன்பாடு இரண்டாவது கேள்விக்கு உண்மையிலேயே பொருந்தும்! மொத்தம் 1 அட்மாஸ்பியர் என்றால், NO₂-வின் அழுத்தம் x ஆக இருக்கும்போது N₂O₄-இன் அழுத்தம் 1 − x-தான். x²/(1 − x) = 0.15 என்பது சரியான வரி, 0.32 என்பது NO₂-வின் சரியான அழுத்தம். மேலே வந்த α-வை வைத்துச் சரிபார்க்கலாம்: 2 × 0.190/1.190 = 0.32. ஆனால் அந்த x பிரிகை வீதம் அல்ல, வெறும் பகுதி அழுத்தம். x என்றால் என்ன என்று முதல் வரியிலேயே சொல்லால் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் அங்கேயே நின்றுவிடும். “x = N₂O₄-இல் குறைந்த அழுத்தம்” அல்லது “x = சமநிலையில் NO₂-வின் அழுத்தம்”. இப்படி எழுதாத தாளில் தவறு எந்த வரியில் நடந்தது என்று திருத்துகிறவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது.

விடையைச் சரிபார்க்கக் கடைசியில் பகுதி அழுத்தங்களைக் கோவையில் திருப்பிப் போடுங்கள். முதல் கேள்வியில் 0.352²/0.824 = 0.150. அதே அழுத்தங்களை 24.47-ஆல் வகுத்தால் செறிவுகள்: NO₂ 0.0144, N₂O₄ 0.0337. 0.0144²/0.0337 = 0.0062. முன்பு கிடைத்த Kc 0.00613-ஓடு ஒத்துப்போகிறது, சின்ன வித்தியாசம் மூன்று இலக்கத்தில் நிறுத்தியதால் வந்தது.

ஆர்கான் சேர்க்கிற கேள்வியும் இதே இடத்தில்தான் சறுக்க வைக்கும். முதல் கலனில், கன அளவை மாற்றாமல், 1 அட்மாஸ்பியர் ஆர்கானை உள்ளே விட்டால் மொத்த அழுத்தம் 2.176 ஆகும். அந்த 2.176-ஐ P என்று 4α²P/(1 − α²)-இல் போட்டு, பிரிகை குறைந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். N₂O₄-இன் அழுத்தமும் NO₂-வின் அழுத்தமும் இம்மியும் மாறவில்லை, எனவே x-உம் மாறாது. அந்தக் கோவையில் இருக்கும் P வினையில் பங்கெடுக்கிற இரண்டு வாயுக்களின் கூட்டழுத்தம் மட்டுமே. மொத்த அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலேயே நிறுத்தி, அதில் பாதி ஆர்கானாக இருந்தால்தான் கதை வேறு. அப்போது P = 0.5, α² = 0.15/2.15, α = 0.264. அதாவது பிரிகை 19-இலிருந்து 26 சதவீதமாகக் கூடுகிறது.